பூட்டிக் கிடக்கும் அறையின் செலவு

கொடைக்கானலில் நவம்பர் மழை. வார நாள், இரவு 9 மணி. இருபது அறைகள் கொண்ட சிறிய லாட்ஜ் ஒன்றின் சாவிப் பலகையில் 15 சாவிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நனைந்தபடி உள்ளே வந்த தம்பதி, 1,400 ரூபாய் என்றதும் தயங்குகிறார்கள். “அண்ணே, எழுநூறுக்குக் குடுங்களேன். விடிஞ்சதும் கிளம்பிடுவோம்.”

கொடுக்கலாமா?

இதற்குப் பதில் சொல்ல, செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கட்டடக் குத்தகை, சம்பளம், கடன் வட்டி, சொத்து வரி இவையெல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டியவை. மாதம் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் வந்தால் மட்டும் ஆகும் செலவு வேறு: விரிப்பும் துண்டும் சலவைக்குப் போகும், கீசர் ஓடும், சோப்பு, தண்ணீர். இது ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 250 ரூபாய்.

இருபது அறைகள், 30 நாட்கள்; விற்க இருப்பது 600 இரவுகள். கால்வாசிதான் நிரம்பியது என்றால் அந்த 3 லட்சத்தை 150 இரவுகள் சுமக்கின்றன. இரவுக்கு 2,000 ரூபாய். சலவையும் மற்றதும் சேர்த்தால் 2,250. பாதி நிரம்பினால் அது 1,250 ஆக இறங்கிவிடுகிறது. முக்கால்வாசிக்கு சுமார் 917, முழுதும் நிரம்பினால் 750. கவனியுங்கள்: முதல் ஏற்றத்தில் 1,000 ரூபாய் குறைந்தது, கடைசி ஏற்றத்தில் 167தான். வரைபடமாகப் போட்டால், செங்குத்தாக விழுந்து பிறகு தரையோடு படுக்கும் வளைகோடு அது.

மே மாதக் கூட்டத்தில் கணக்குப் போட்டு, ‘நம் அறைக்கு 750தான் அடக்கம்’ என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. ஆண்டு முழுவதற்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அறை 1,400க்குப் போனால், 250 போக மிஞ்சும் 1,150ஐ வைத்து மாதம் 261 இரவுகள் விற்றால் கை கடிக்காது. அதாவது இருபதில் ஒன்பது அறைகளுக்குச் சற்றுக் குறைவு. முன்பதிவு செயலிகளுக்குக் கமிஷன் கொடுத்தால் இந்த எண் ஏறும்.

இனி அந்தத் தம்பதி. சராசரி அடக்கம் 2,250 என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது வீண். இந்த நேரத்துக்கு மேல் அந்த அறைக்கு வேறு ஆள் வரப்போவதில்லை; குத்தகையும் சம்பளமும் எப்படியும் போகத்தான் போகின்றன. கூடுதலாக ஆவது 250. மீதி 450 குத்தகைக்கு உதவும்.

ஆனால் ‘மழைக் காலத்தில் எழுநூறு கொடுத்தால் போதும்’ என்ற பேச்சு பரவி, அதுவே வழக்கமான வாடகையாகிவிட்டால்? மாதம் முழுக்க ஓர் அறைகூடக் காலியில்லாமல் ஓடினாலும் 600 இரவுகளில் மிஞ்சுவது 2,70,000 ரூபாய். இன்னும் 30,000 துண்டு விழும். அதனால் மேலாளர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் அந்த 700ஐத் தனிப் பத்தியில் எழுதுகிறார். மாதக் கடைசியில் அந்தப் பத்தி எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும்.