நேரம் எங்கே கரைகிறது?

கிளாப் அடிப்பவர்தான் உதவி இயக்குநர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அவர் வேலையில் ஒரு சிறு பகுதி. காலை 9 முதல் மாலை 6 வரையிலான கால்ஷீட்டுக்குள் அன்றைய ஷாட்டுகள் முடிய வேண்டும். அதற்கான வரிசையை முதல் நாளே போட்டு, தளத்தில் அது குலையாமல் பார்த்துக்கொள்வது உதவி இயக்குநர் குழுவின் பெரிய பொறுப்பு.

பெரும்பாலும் நேரம் கரைவது டேக்குகளில் அல்ல, ஷாட்டுகளுக்கு இடையில். கேமரா எதிர்ப்பக்கம் திரும்பினால் லைட்டுகளை மாற்ற வேண்டும். அதுவரை கேமராவுக்குப் பின்னால் கிடந்த பெட்டிகளையும் வயர்களையும் அகற்ற வேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கூடத்தில் அப்பாவும் எட்டு வயது மகளும் பேசுகிறார்கள். இருவரும் சேர்ந்து தெரியும் வைட் ஷாட் 2, மகள் பக்கம் 5, அப்பா பக்கம் 5. கதையில் வரும் வரிசையிலேயே எடுத்தால் கேமரா எட்டு முறையாவது திரும்பும். ஒரு முறைக்கு 40 நிமிடம் என்றால் அதிலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஒரே ஒரு முறை திரும்பினால் போதும்.

எந்தப் பக்கம் முதலில்? மகள் பக்கம். நம் சட்டப்படி குழந்தை நட்சத்திரம் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எனவே வைட் ஷாட்டுகள், அடுத்து மகள் பக்கம், பிறகு அப்பா பக்கத்தில் மகளின் தோள் தெரியும் ஷாட்டுகள். அதோடு குழந்தையை அனுப்பிவிடலாம். அப்பாவின் க்ளோசப்புக்கு அவள் வசனத்தை உதவி இயக்குநரே கேமராவுக்குப் பக்கத்தில் நின்று படிப்பார்.

இப்படி முன்பின்னாக எடுக்கக் கன்டினியூட்டி வேண்டும். காலையில் அப்பா எந்த வசனத்தில் டீ கிளாஸை எடுத்தார், எந்தக் கையில், எவ்வளவு டீ இருந்தது என்பதை ஓர் உதவி இயக்குநர் போட்டோவோடு குறித்து வைப்பார். குறிப்பு தவறினால் எடிட்டிங்கில் ஷாட்டுகள் ஒட்டாது.

மதியச் சாப்பாட்டுக்குள் வைட் ஷாட்டுகளும் மகள் பக்கமும், அதாவது 7 ஷாட்டுகள் முடிந்திருக்க வேண்டும். நான்குதான் முடிந்திருக்கிறது என்றால் அப்போதே இயக்குநரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு மணிக்குத் தெரிந்தால் இரண்டு ஷாட்டுகளை ஒன்றாக்க அவர் நிதானமாக யோசிப்பார். ஐந்து மணிக்குத் தெரிந்தால் அவசரத்தில் எதையாவது வெட்டுவார். இல்லையேல் ஆறு மணியைத் தாண்டி, தயாரிப்பாளருக்குக் கூடுதல் சம்பளச் செலவு ஏறும்.

உதவி இயக்குநராக விரும்புகிறவர்கள், பிடித்த படத்தின் ஒரு காட்சியை ஷாட்டுகளாகப் பிரித்து, எதை முதலில் எடுப்பது, ஏன் என்று எழுதிப் பழகுங்கள். தளத்தில் முதல் நாளே அது கைகொடுக்கும்.