ஷோரூம் வாடகைக்கு: விளம்பரத்தில் என்ன எழுதுவது?

'தரைத்தளம், 1,200 சதுர அடி, மெயின் ரோடு' என்று மட்டும் எழுதினால் துணிக்கடைக்காரர் நேரில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அவர் முதலில் கேட்பது முகப்பு அகலம். 30 அடி முகப்பும் 40 அடி ஆழமும் 1,200 சதுர அடிதான். 15 அடி முகப்பும் 80 அடி ஆழமும் அதே 1,200தான். ஆனால் இரண்டாவதில் பொம்மைகளை நிறுத்தக் கண்ணாடியே போதாது. ஆகவே முகப்பு அகலத்தை முதல் வரியில் எழுதுங்கள். நடுவில் தூண் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

உயரத்தில்தான் சச்சரவு வரும். தரையிலிருந்து கூரை வரை 12 அடி இருக்கலாம். பீம் ஒன்றரை அடி இறங்கினால் மிச்சம் பத்தரை. ஏசி குழாயும் ஃபால்ஸ் சீலிங்கும் இன்னும் ஒன்றரை அடி எடுத்துக்கொண்டால் கடைக்குக் கிடைப்பது 9 அடிதான். பீமுக்குக் கீழே அளந்து எழுதுவதே நேர்மை.

பெயர்ப்பலகைக்கு எத்தனை அடி இடம், மாடியில் இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டா என்பதைக் குறிப்பிடுங்கள். பார்க்கிங்கில், கடைக்கென ஒதுக்கிய கார், பைக் இடங்களை மட்டும் எண்ணுங்கள், தெருவோரத்தைச் சேர்க்காதீர்கள்.