பிரிவுக்கு முந்தைய இரவுச் சாப்பாடு

ஊரைவிட்டுப் போகும் நண்பனும் ஊரிலேயே தங்கிவிடும் நண்பனும் கடைசியாக ஒரு மாலையைச் சேர்ந்து கழிப்பதை எழுத வரும் கதாசிரியர்கள் பெரும்பாலும் அந்த மாலையையே விரித்து எழுதுவார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு’ என்ற கதையில் அதைச் செய்யவில்லை. அந்த மாலை முடிந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகுதான் கதையே தொடங்குகிறது. 1906இல் வெளிவந்த ‘நான்கு மில்லியன்’ என்ற தொகுப்பில் இருக்கும் இந்தக் கதை, அச்சில் சில பக்கங்களுக்கு மேல் போகாது.

நியூயார்க்கில் அண்ணன் தம்பி போல வளர்ந்தவர்கள் பாபும் ஜிம்மி வெல்ஸும். பாபுக்கு வயது 18, ஜிம்மிக்கு 20. பணம் சம்பாதிக்க மறுநாள் காலை மேற்குப் பகுதிக்குக் கிளம்புகிறான் பாப். ஜிம்மிக்கோ நியூயார்க்கை விட்டால் வேறு உலகமே இல்லை. பிக் ஜோ பிராடியின் உணவகத்தில் இருவரும் சாப்பிடுகிறார்கள். எங்கே இருந்தாலும், என்ன நிலையில் இருந்தாலும், சரியாக இருபது ஆண்டு கழித்து இதே நாளில், இதே நேரத்தில், இதே இடத்தில் சந்திப்பது என்று பேசிக்கொண்டு இரவு பத்து மணிக்கு வாசலில் பிரிகிறார்கள். சிறிது காலம் கடிதம் வந்து போகிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது.

இவ்வளவையும் பாப்தான் சொல்கிறான். குளிர்காற்றடிக்கும் மழையிரவில், மூடிய ஒரு இரும்புச் சாமான் கடையின் வாசலில் சுருட்டோடு நிற்கிறான். ரோந்து வரும் போலீஸ்காரர் சந்தேகப்படக்கூடாதே என்று அவனே முந்திக்கொண்டு விளக்கம் சொல்கிறான். அந்தக் கடை இருக்கும் இடத்தில்தான் முன்பு உணவகம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு அதை இடித்துவிட்டார்கள் என்று போலீஸ்காரர் சொல்கிறார். முதல் முறை படிப்பவர், அந்தப் பகுதியில் ரோந்து சுற்றுகிறவருக்கு இது தெரியாதா என்று கடந்து போய்விடுவார்.

கதையின் உயிர்நாடி ஒரு தீக்குச்சியில் இருக்கிறது. பேச்சின் நடுவே பாப் சுருட்டைப் பற்றவைக்கிறான். வெளுத்த முகம், கூரிய கண்கள், வலப்புருவத்தருகே சிறு வெள்ளைத் தழும்பு, கழுத்துப்பட்டியின் ஊசியில் பெரிய வைரம் எல்லாம் தெரிகின்றன. எதிரே நிற்பவரின் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பற்றவைத்தவனுக்கும் தெரியவில்லை, வாசகருக்கும் தெரியவில்லை. பிறகு போலீஸ்காரர் கேட்பவை சாதாரணக் கேள்விகள்தாம். நண்பனிடமிருந்து பிறகு தகவல் உண்டா? மேற்கே நன்றாகச் சம்பாதித்தாயா? நேரம் தவறினால் போய்விடுவாயா? அரை மணி நேரமாவது காத்திருப்பேன் என்கிறான் பாப். அவர் கிளம்பிவிடுகிறார்.

இருபது நிமிஷம் கழித்து, கோட்டுக் காலரைக் காதுவரை தூக்கிவிட்ட ஒரு நெட்டை மனிதர் வேகமாக வருகிறார். இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாயே என்று பாப் ஆச்சரியப்பட, இருபது வயதுக்குப் பிறகு கொஞ்சம் வளர்ந்தேன் என்கிறார். கைகோத்து நடக்கிறார்கள். மருந்துக்கடையின் மின்விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது, வந்தவரின் மூக்கு ஜிம்மியின் மூக்கு இல்லை என்று பாப் கண்டுகொள்கிறான். வந்தவர் சாதாரண உடையில் இருக்கும் போலீஸ்காரர். பாப் சிகாகோ போலீஸ் தேடும் ஆள். ஒரு துண்டுச்சீட்டு அவன் கைக்கு வருகிறது. சொன்ன நேரத்துக்கு வந்ததாகவும், தீக்குச்சி வெளிச்சத்தில் தேடப்படும் முகத்தைக் கண்டதாகவும், தன் கையால் பிடிக்க மனம் வராமல் வேறொருவரை அனுப்பியதாகவும் ஜிம்மி எழுதியிருக்கிறார்.

ஜிம்மி கடமைக்காக நட்பைக் கைவிட்டார் என்று மட்டும் இதைப் படிப்பது போதாது. சந்திப்பதாகக் கொடுத்த வாக்கை இருவருமே நிமிஷம் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். பாப் ஆயிரம் மைல் கடந்து வந்தான். வராமல் இருந்திருந்தால் அன்று பிடிபட்டிருக்கமாட்டான். இந்த நிலைமை ஓ. ஹென்றிக்கு அந்நியமானதல்ல. வில்லியம் சிட்னி போர்ட்டர் என்ற இயற்பெயர் கொண்ட அவர், வங்கிப் பணக் கையாடல் வழக்குக்குப் பயந்து ஹோண்டுராசுக்குத் தப்பியோடியவர். மனைவி சாகக் கிடக்கிறார் என்று தெரிந்ததும் 1897இல் திரும்பி வந்து சரணடைந்தார். பிறகு ஒஹையோ சிறையில் 1901 வரை இருந்தார்.

கதையில் பலவீனமும் உண்டு. அத்தனை நெருங்கிய நண்பனின் குரலை இத்தனை நேரம் பேசியும் பாப் எப்படி அடையாளம் காணவில்லை? ஆசிரியர் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனாலும் முடிவு தெரிந்தபின் மறுபடி படித்தால் போலீஸ்காரரின் ஒவ்வொரு கேள்வியும் வேறு கனம் பெறுகிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்று ஜிம்மி கேட்டது, ஆளை அனுப்ப அவகாசம் இருக்கிறதா என்று அறிவதற்காகவும் இருக்கலாம், கைதுக்கு முன் நண்பனோடு இன்னும் ஒரு வார்த்தை பேசிவிடுவதற்காகவும் இருக்கலாம்.