வெளிச்சம் விழுங்கிய கோணம்

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கைபேசியில் ஒரு போட்டோ. பாடம், எறிபொருளின் இயக்கம். மணி அடித்த பிறகு, இடது ஓர பெஞ்சிலிருந்து அவசரமாக எடுத்தது. ஒயிட்போர்டின் இடப்பக்கம் பெரிதாகவும் வலப்பக்கம் போகப்போகச் சிறுத்தும் கிடக்கிறது. நடுவில் டியூப்லைட்டின் வெள்ளைப் பட்டை. இதைப் பார்த்துத்தான் நோட்டு எழுத வேண்டும்.

படத்தில் கோணல், பட்டை என்று இரண்டு கோளாறுகள். இரண்டும் ஒரே வகை அல்ல. கோணல் எழுத்தை இடம் மாற்றியிருக்கிறதே தவிர அழிக்கவில்லை. எந்தப் புள்ளி எங்கே போனது என்பதைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். அடோபி ஸ்கேன் போன்ற செயலிகள் போர்டின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்து, அவற்றைச் செவ்வகமாக இழுத்து நிமிர்த்துகின்றன. சில நேரம் செயலி சுவரின் விளிம்பையே போர்டு என்று எடுத்துக்கொள்ளும். அப்போது மூலைப் புள்ளிகளை விரலால் நகர்த்தி, சட்டத்தின் மூலைகளில் வைக்க வேண்டும். நிமிர்ந்த படத்தின் அகல உயர விகிதத்தையும் பார்ப்பது நல்லது. 4 அடிக்கு 8 அடி போர்டு என்றால், அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரியர் வரைந்த 30 பாகைக் கோணம் வேறு ஏதோ கோணமாகத் தெரியும். தொலைவில் இருந்த வலப்பக்க எழுத்துகள் மட்டும் நிமிர்த்திய பிறகும் மங்கலாகவே இருக்கும். அங்கே கேமராவுக்குக் கிடைத்த விவரமே குறைவு. இழுத்துப் பெரிதாக்கினால் விவரம் கூடிவிடாது.

பட்டையின் கதை வேறு. விளக்கொளி நேரே கேமராவில் விழுந்த இடத்தில், மையும் பலகையும் ஒரே முழு வெள்ளையாகப் பதிவாகிவிட்டன. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் வெள்ளை சாம்பல் நிறமாகும், எழுத்து வராது. பட்டையின் ஓரங்களில் மட்டும் ஏதாவது மீளலாம். வகுப்பிலேயே ஓர் அடி தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். கண்ணாடியில் பிம்பம் நகர்வதுபோல் பட்டை நகரும், எழுத்து நகராது. ஒரு படம் மறைத்ததை இன்னொன்று காட்டும்.

இருப்பது ஒரு படம்தான் என்றால், மறைந்ததைப் பாடத்திடமே கேட்க வேண்டும்.

மாணவியின் படத்தில் `u = 20 m/s`, `g = 10 m/s²` தெளிவாகத் தெரிகின்றன. எறிகோணத்தில் கடைசிச் சுழி மட்டும் தெரிகிறது, முன்னால் உள்ள இலக்கத்தைப் பட்டை விழுங்கிவிட்டது. கீழே கிடைத்தள நெடுக்கம் `R = 34.6 m`. `R = u² sin2θ / g` என்பதில் போட்டால், `sin2θ` ஏறத்தாழ 0.866 வருகிறது. உடனே 30 பாகை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 60 பாகைக்கும் அதே நெடுக்கம்தான். முடிவு செய்வது இன்னொரு வரி: பெரும உயரம் `H = 5 m`. 60 பாகையாக இருந்தால் 15 மீட்டர் வந்திருக்கும். ஆக, 30 பாகை. பறக்கும் நேரம் 2 விநாடி என்று எழுதியிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது.

வலப்பக்க மங்கலில் இன்னொரு பொறி இருக்கிறது. `sin²θ`, `sin2θ` இரண்டும் அங்கே ஒன்றுபோலவே தெரியும். உயரத்தின் சூத்திரத்தில் `sin2θ` என்று படித்துவிட்டால் 17.3 மீட்டர் வரும். போர்டில் 5 இருக்கிறது. படித்தது தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். எண்ணே இல்லாத வரிகளையும் இப்படிச் சோதிக்கலாம். பாதைச் சமன்பாட்டில் `x tanθ` உறுப்புக்கும் `gx² / (2u² cos²θ)` உறுப்புக்கும் நடுவே உள்ள குறி மறைந்திருக்கிறது. கூட்டல் என்று வைத்தால் பந்து மேலே போய்க்கொண்டே இருக்கும், தரைக்கு வராது. அது கழித்தல்தான்.

நோட்டில் எழுதும்போது போர்டின் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆசிரியர்கள் இடம் கிடைத்த மூலையில் எல்லாம் எழுதுவார்கள். படம், தரவு, சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று அடுக்கினால் போதும். பட்டைக்கு அடியிலிருந்து கணக்கிட்டு மீட்ட 30ஐ மட்டும் பென்சிலால் எழுதி, பக்கத்தில் `H`-இலிருந்து பெற்றது என்று குறித்துவைக்கலாம். முந்தைய வகுப்பில் சரியாக அழியாத மைத்தடம் பின்னால் மங்கலாகத் தெரிந்தால், அதை நோட்டில் ஏற்றக்கூடாது.

போர்டின் அடியில் வீட்டுப்பாடக் கணக்கின் எண்ணும் இருக்கிறது. அதன் இரண்டாம் இலக்கம் பட்டைக்குள். இதை மீட்க எந்தச் சூத்திரமும் கிடையாது. இடத்தைக் காலியாக விட்டு, வலது ஓர பெஞ்சில் உட்காருபவரைக் கேட்க வேண்டியதுதான். அங்கிருந்து பார்த்தவருக்கு டியூப்லைட் போர்டின் வேறு இடத்தில் மின்னியிருக்கும்.