ஆறாம் இடத்துத் துருவம்

1984 டிசம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் எக்ஸ்-29 என்ற சோதனை விமானம் முதன்முதலாகப் பறந்தது. கட்டியது கிரம்மன் நிறுவனம். வழக்கமான ஜெட் விமானங்களின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதற்கு முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. யாரோ இறக்கையைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். அந்தத் தோற்றத்தைவிடக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்களுக்குக் கவலை தந்தது வேறொன்று. இந்த விமானத்தின் மூக்கு இம்மியளவு மேலே எழும்பினால் தானாகத் தாழாது, இன்னும் எழும்பும். சில வேகங்களில் அந்த விலகல் ஏறக்குறைய 0.12 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வடிவமைப்புக் கோளாறல்ல இது, வேண்டுமென்றே விட்டது: காற்றின் இழுவை குறையும், விமானம் சட்டென்று திரும்பும்.

0.12 நொடிக்கு ஒரு இரட்டிப்பு என்பதைக் கணிதத்தில் e^(6t) என்று எழுதலாம். ஒரு நொடியில் 403 மடங்காகும் வளர்ச்சி அது. அடுக்கில் நிற்கும் அந்த 6 தான் இந்த விமானத்தின் துருவம். பொறியியல் மாணவர்கள் மூன்றாம் செமஸ்டரிலோ நான்காம் செமஸ்டரிலோ லாப்லாஸ் உருமாற்றம் படிக்கும்போது சந்திக்கும் அதே துருவம். "வலது பக்கம் துருவம் இருந்தால் நிலைப்பில்லை" என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வாக்கியம் பாதிதான் சரி. மீதிப் பாதி, பலரும் தாண்டிவிடும் குவிவுப் பகுதியில் இருக்கிறது.

லாப்லாஸ் உருமாற்றம் செய்வது இதுதான். ஒரு சமிக்ஞையை எடுத்து e^(−st) என்பதால் பெருக்கி, எல்லாக் காலத்துக்கும் சேர்த்துக் கூட்டுகிறது. s ஒரு கலப்பெண். அதன் மெய்ப்பகுதி, சமிக்ஞையை எவ்வளவு வேகமாக அமுக்குகிறோம் என்பதைச் சொல்லும். கற்பனைப் பகுதி அலைவைச் சொல்லும். கூட்டுத்தொகை முடிவுள்ள எண்ணாக வர வேண்டுமானால், அமுக்குவது வளர்ச்சியை ஜெயிக்க வேண்டும். பூஜ்ய நேரத்தில் தொடங்கி e^(6t) என்று வளரும் சமிக்ஞைக்கு மெய்ப்பகுதி 6 ஐத் தாண்டினால்தான் அது நடக்கும். அப்படித் தாண்டிய s எல்லாம் சேர்ந்ததுதான் இந்தச் சமிக்ஞையின் குவிவுப் பகுதி: s தளத்தில் 6 என்ற செங்குத்துக் கோட்டுக்கு வலப்புறம் முழுவதும். அங்கே கூட்டினால் விடை 1/(s−6).

இப்போது வேறொரு சமிக்ஞை. பூஜ்யத்துக்கு முந்தைய காலத்தில் மட்டும் −e^(6t) ஆக இருந்து, பூஜ்யத்தில் நின்றுவிடுகிறது. கடந்த காலத்தை நோக்கிப் பின்னே போகப் போக அது தேய்ந்து மறையும். இதை உருமாற்றினாலும் வருவது அதே 1/(s−6). குறியில்கூட வித்தியாசமில்லை. மாறுவது குவிவுப் பகுதி மட்டும்: இதற்கு 6 க்கு இடப்புறம். ஒன்று எதிர்காலத்தில் வெடித்துப் போகும், இன்னொன்று கடந்த காலத்திலிருந்து அமைதியாக வரும். சூத்திரம் மட்டும் எழுதியிருந்தால் இவற்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்-29 இன் 6 ஐ வைத்துக்கொண்டு, கணக்குக்காக −2 இல் இன்னொரு துருவத்தைச் சேர்ப்போம். அமைப்பின் சூத்திரம் இப்படி:

```
H(s) = 8/((s+2)(s−6)) = 1/(s−6) − 1/(s+2)
```

குவிவுப் பகுதிக்குள் துருவம் வரக் கூடாது. ஆகவே −2, 6 ஆகிய இரண்டு செங்குத்துக் கோடுகள் தளத்தை மூன்றாக வெட்டுகின்றன. மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு அமைப்பு கிடைக்கும்.

6 க்கு வலப்புறத்தை எடுத்தால், அமைப்புக்கு ஒரு தட்டுத் தட்டியதும் வரும் மறுமொழி, பூஜ்ய நேரத்துக்குப் பின் e^(6t) − e^(−2t). தட்டுவதற்கு முன் எதுவும் நடக்காது. காரணம் முந்தி, விளைவு பிந்தி. இதையே காரண அமைப்பு என்கிறோம். ஆனால் e^(6t) கட்டுக்கடங்காமல் வளரும், நிலைப்பு கிடையாது. நடுப் பட்டையை, அதாவது −2 க்கும் 6 க்கும் இடையே உள்ளதை எடுத்தால், தட்டிய பின் −e^(−2t), தட்டுவதற்கு முன் −e^(6t). இரு பக்கமும் தேய்ந்து போகிறது, மொத்தப் பரப்பு முடிவுள்ளது, எனவே நிலைப்பு உண்டு. தட்டப் போவதை முன்கூட்டியே அறிந்து அசைகிறது என்பதுதான் இதன் சங்கடம். −2 க்கு இடப்புறத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: காரணமும் இல்லை, நிலைப்பும் இல்லை.

நிலைப்பைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். பூஜ்யத்தின் வழியே மேலும் கீழும் ஓடும் கற்பனை அச்சு குவிவுப் பகுதிக்குள் வருகிறதா? அந்த அச்சில் s இன் மெய்ப்பகுதி பூஜ்யம், எந்த அமுக்கமும் இல்லை. வெளித்துணை இல்லாமலே கூட்டுத்தொகை குவிகிறது என்றால் மறுமொழி தானாகவே அடங்குகிறது என்று பொருள். காரணத்துக்கு வேறு கேள்வி: கடைசி வலது துருவத்துக்கும் வலப்புறமாகப் பகுதி விரிகிறதா? இரண்டும் ஒருசேர வேண்டுமானால் எல்லாத் துருவங்களும் கற்பனை அச்சுக்கு இடப்புறம் இருந்தே ஆக வேண்டும். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி இங்கிருந்து வந்ததுதான். காரண அமைப்பு என்ற நிபந்தனை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

இந்தக் காரணச் சோதனை, பல்லுறுப்புக் கோவைகளின் பின்னமாக எழுத முடிகிற அமைப்புகளுக்கே செல்லும். e^s/(s+1) என்பதன் பகுதி −1 க்கு வலப்புறம் முழுவதும். ஆனாலும் அதன் மறுமொழி தட்டுவதற்கு ஒரு நொடி முன்பே தொடங்கிவிடும். நேரத்தை முன்னே நகர்த்தும் அந்த e^s பகுதியை மாற்றாமல் நுழைந்துவிடுகிறது.

நடுப் பட்டை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். இதயத் துடிப்பு வரையும் ஈ.சி.ஜி. கருவியில் அது தினமும் வேலை செய்கிறது. நோயாளி மூச்சு விடும்போது கோடு மொத்தமாக மேலும் கீழும் அலையும். அதை வடிகட்டியால் நீக்க வேண்டும். படுக்கையருகே நேரலையாக ஓடும் சாதாரண வடிகட்டி கடந்ததை மட்டுமே அறியும். அதன் வெட்டு அலைவெண்ணை உயர்த்தினால், மாரடைப்பைக் காட்டித்தரும் எஸ்.டி. பகுதி உருக்குலைந்துவிடும். அதனால் நோயறியும் பதிவுக்கு 0.05 ஹெர்ட்ஸைத் தாண்டாதீர்கள் என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. கட்டப் பிறழ்வே இல்லாத வடிகட்டியானால் 0.67 ஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று அதே பரிந்துரை தளர்த்துகிறது. அத்தகைய வடிகட்டியைப் பெற ஒரு வழி, பதிவான சமிக்ஞையை ஒருமுறை முன்னோக்கியும் பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கியும் அதே வடிகட்டியில் ஓட்டுவது. முன்னோக்கிய ஓட்டத்தின் துருவம் −2 இல் இருந்தால், பின்னோக்கிய ஓட்டம் +2 இல் ஒரு துருவத்தைச் சேர்க்கும். வலப்புறத்தில் துருவம் இருக்கிறது, நிலைப்பும் இருக்கிறது. பகுதி −2 க்கும் 2 க்கும் நடுவில், கற்பனை அச்சைத் தாங்கியபடி. பதிவு முழுவதும் கையில் இருப்பதால் "எதிர்காலத்தை" எட்டிப் பார்ப்பதில் தடையில்லை.

விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. அடுத்து அடிக்கப் போகும் காற்று அதற்குத் தெரியாது, ஆகவே 6 க்கு வலப்புறம்தான் அதன் பகுதி. துருவத்தையே நகர்த்துவது ஒன்றே வழி.

இங்கே ஒரு குறுக்கு வழி ஆசை காட்டும். கீழே (s−6) இருக்கிறது. கட்டுப்பாட்டுச் சாதனத்தில் மேலே ஒரு (s−6) வைத்து அடித்துவிட்டால் என்ன? தாளில் அழகாக அடிபடும். உண்மை விமானத்தின் எடை, எரிபொருள், வேகம் எல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த 6 துல்லியமாக யாருக்கும் தெரியாது. சாதனத்தில் 6.01 என்று வைத்துவிட்டோம் என்போம். (s−6.01)/((s−6)(s+2)) என்பதைப் பிரித்தால் e^(6t) க்கு முன்னால் −0.00125 என்ற கெழு மிஞ்சுகிறது. எண்ணூறில் ஒரு பங்கு. அது 1.1 நொடியில் 1 ஆகும், இரண்டு நொடியில் 200 ஐத் தாண்டும். கச்சிதமாக 6 ஐயே வைத்தாலும் பயனில்லை. வெளியீட்டில் தெரியாமல் மறையுமே தவிர, உள்ளே எழும் சிறு கலக்கத்தை e^(6t) வளர்த்துக்கொண்டே இருக்கும்.

பின்னூட்டம் வேறு மாதிரி. விலகலை அளந்து, அதன் 10 மடங்கு அளவுக்கு எதிர்த்திசையில் பரப்புகளை அசைத்தால், 1/(s−6) இன் துருவம் 6−10, அதாவது −4 க்கு இடம்பெயரும். உண்மையான எண் 6.01 ஆக இருந்துவிட்டால்? துருவம் −3.99 இல் உட்காரும், அவ்வளவுதான். முந்தைய வழியில் விமானத்தைக் கவிழ்த்த அதே பிழை இங்கே கண்ணுக்கே படுவதில்லை.

ஆனால் பின்னூட்டம் காலதாமதம் பொறுக்காது. அளந்து, கணித்து, பரப்பை அசைக்க ஆகும் மொத்த நேரத்தைத் துருவத்தால் பெருக்கினால் 1 க்குக் கீழே வர வேண்டும். இந்த எளிய பின்னூட்டத்துக்கு அதுவே எல்லை. 6 க்கு அது 0.17 நொடி, அதையும் விளிம்பிலேயே வைத்துக்கொண்டு பறக்க முடியாது. உள்ளங்கையில் குச்சியை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது பழக்கம்: சுமார் 40 சென்டிமீட்டர் நீளக் குச்சி சாயும் வேகத்தின் துருவமும் 6 தான். நீளத் துடைப்பம் நிற்கும், பென்சில் நிற்காது. குச்சி குட்டையாக ஆக துருவம் வலப்புறம் தள்ளிப் போகிறது, கண்ணும் கையும் எடுத்துக்கொள்ளும் நேரமோ குறைவதில்லை. எக்ஸ்-29 ஐ விமானியின் கைகளிடம் மட்டும் விட்டுவிட முடியாததற்கும் இதுவே காரணம். மூன்று டிஜிட்டல் கணினிகள் நொடிக்கு 40 தடவை வரை பரப்புகளைத் திருத்தின. ஒவ்வொன்றுக்கும் மாற்றாக ஒரு அனலாக் கணினியும் வைத்திருந்தார்கள்.

பரப்புகள் சாயும் கோணத்துக்கும் எல்லை உண்டு. விலகல் ஓரளவுக்கு மேல் போய்விட்டால், முழுக்கச் சாய்த்தும் e^(6t) ஐ எட்டிப் பிடிக்க முடியாது. இடப்புறத்துக்கு வந்த துருவம் தாளில் மட்டுமே அங்கிருக்கும். கட்டுப்பாட்டுப் பொறியாளர் குந்தர் ஸ்டைன் 1989 இல் நிகழ்த்திய சொற்பொழிவில் எக்ஸ்-29 ஐ எடுத்துக்காட்டாக்கி இதையே அலசினார். தாமதத்தைத் தாங்க வழக்கமாகக் கேட்கப்படும் 45 டிகிரி கட்ட இடைவெளியை இந்த விமானத்தில் எவ்வளவு முயன்றும் எட்ட முடியவில்லை. இருந்த கருவிகளின் வேகத்துக்கு, 6 இல் இருக்கும் ஒரு துருவம் அதற்கு இடமே தரவில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார் அவர்.