ஸ்டேட்மென்ட் எக்செலாக மாறும் வழியில்

ஜூலை மாதம் வந்துவிட்டால் ஆடிட்டர் அலுவலகங்களில் வங்கி ஸ்டேட்மென்ட்கள் குவியும். எல்லாம் பி.டி.எஃப். ஒரு வருடக் கணக்கு என்றால் சாதாரணமாக முப்பது நாற்பது பக்கம் வரும். அதை எக்செலுக்குக் கொண்டுவந்தால்தான் வட்டி எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று பிரித்துக் கூட்ட முடியும். இணையத்தில் தேடினால் இதை இலவசமாகச் செய்து தரும் தளங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கோப்பை இழுத்துப் போட்டால் போதும், ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அட்டவணை வந்துவிடும்.

அப்படிப் போடுவதற்கு முன் ஸ்டேட்மென்டின் ஒரு பக்கத்தையாவது நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். தலைப்பகுதியில் பெயர், முகவரி, கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. இதெல்லாம் எல்லோரும் கவனிப்பதுதான். உண்மையான விஷயம் கீழே, பரிவர்த்தனை விவரம் என்ற நெடுவரிசையில் இருக்கிறது. யு.பி.ஐ. வரி ஒவ்வொன்றிலும் பணம் யாருக்குப் போனது என்ற பெயர் இருக்கும். யு.பி.ஐ. முகவரி பல சமயம் அவருடைய செல்போன் எண்ணேதான். மாதாமாதம் எந்த மருத்துவமனைக்குப் பணம் போகிறது, எந்தப் பள்ளிக்குக் கட்டணம், எந்த நகைக்கடன் நிறுவனத்துக்கு வட்டி என்பதையெல்லாம் தேதி வாரியாகச் சொல்லிவிடும். கணக்கு வைத்திருப்பவர் ஒருவர்தான். அந்தக் கோப்பில் அகப்பட்டிருப்பவர்களோ காய்கறிக்காரர் முதல் வீட்டு வேலைக்கு வரும் பெண் வரை நூறு பேர் இருக்கலாம். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

இன்னொன்று கடவுச்சொல். பல வங்கிகள் ஸ்டேட்மென்டைப் பூட்டி அனுப்புகின்றன. பெயரின் முதல் சில எழுத்துகளும் பிறந்த தேதியும் சேர்ந்ததோ, வாடிக்கையாளர் எண்ணோ சாவியாக இருக்கும். இணையதளம் கடவுச்சொல் கேட்டதும் தட்டச்சு செய்துவிடுகிறோம். கோப்போடு பிறந்த தேதியும் கைமாறிவிட்டது. வேறு வங்கியின் பூட்டும் இதே பாணி என்றால் அதற்கான சாவியையும் கொடுத்தாயிற்று.

'ஒரு மணி நேரத்தில் உங்கள் கோப்பு அழிக்கப்படும்' என்று தளத்தில் போட்டிருக்கும். உண்மையாகவே அழிக்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் கிளை, இலவசக் கோப்பு மாற்றித் தளங்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. சில தளங்கள் கேட்ட வேலையைச் செய்துகொடுத்துக்கொண்டே, ஏற்றிய கோப்புகளிலிருந்து தனிப்பட்ட விவரங்களைச் சுரண்டுகின்றன, திரும்பத் தரும் கோப்பில் தீநிரலை ஏற்றியும் அனுப்புகின்றன என்பது அதன் சாரம். வேலை சரியாக முடிந்தது என்பதை வைத்துத் தளம் நாணயமானது என்று முடிவுகட்ட முடியாது.

சொந்த ஸ்டேட்மென்டை ஏற்றுவது அவரவர் விருப்பம். பிறர் கணக்கைப் பார்க்கும் அலுவலகத்தின் நிலை வேறு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் தரவை வேறொருவர் மூலம் கையாண்டாலும் பொறுப்பு முதலில் வாங்கியவர் தலையில்தான் என்கிறது. அந்த வேறொருவரோடு முறையான ஒப்பந்தமும் வேண்டும் என்கிறது. இலவசத் தளத்தோடு யார் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்?

இவ்வளவு யோசிக்க அவசியமே இல்லாத கோப்புகள்தான் அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதலில், நெட் பேங்கிங்கில் ஸ்டேட்மென்டை எக்செலாகவே இறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பல வங்கிகளில் அந்த வசதி உண்டு. இல்லையென்றால் பி.டி.எஃப்பைத் திறந்து, ஒரு தொகையின் மேல் மவுஸை இழுத்துப் பாருங்கள். எழுத்துகள் நீலமாகத் தேர்வானால் உள்ளே இருப்பது எழுத்து. பக்கம் முழுக்க ஒரே படமாகத் தேர்வானாலோ, எதுவுமே தேர்வாகாவிட்டாலோ அது ஸ்கேன். வங்கியே மின்னஞ்சலில் அனுப்பும் ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் முதல் வகை. அதற்கு எந்த சர்வரின் உதவியும் வேண்டாம்.

விண்டோஸில் புதிய எக்செல் இருந்தால் Data, Get Data, From File, From PDF என்று போனால் போதும். வேலை நம் கணினியிலேயே நடக்கும். இதே Data மெனுவில் உள்ள From Picture வேறு ரகம். படம் மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போய்த்தான் எண்ணாகத் திரும்பி வரும். எக்செல் இல்லாதவர்களுக்கு டபுலா இருக்கிறது. பத்திரிகையாளர்களுக்காக உருவான இலவச மென்பொருள் இது. பிரவுசரில் திறப்பதால் இதுவும் இணையதளமோ என்று தோன்றும். முகவரிப் பட்டியில் 127.0.0.1:8080 என்று இருக்கும். அது நம் கணினியின் சொந்த முகவரி. சந்தேகம் இருந்தால் வைஃபையை அணைத்துவிட்டு வேலையைச் செய்து பாருங்கள். நடந்தால், அதற்கு வெளியுதவி தேவையில்லை என்று புரிந்துவிடும். பூட்டிய கோப்பாக இருந்தால் குரோமில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, பிரின்ட் போய் Save as PDF கொடுத்தால் பூட்டில்லாத பிரதி கிடைக்கும்.

உள்ளூர்க் கருவிகள் சொதப்பும் இடங்களும் உண்டு. விவரம் நீளமாக இருந்தால் அடுத்த வரிக்கு மடங்கி, தேதியில்லாத தனி வரிசையாக வந்து உட்காரும். கோடு போடாத அட்டவணையில் பற்று, வரவு நெடுவரிசைகள் இடம் மாறும். ஆனால் ஸ்டேட்மென்டில் ஒரு வசதி: ஒவ்வொரு வரியிலும் இருப்பு இருக்கிறது. மடங்கிய விவரங்களை மேல் வரியோடு சேர்த்துவிட்டு, C பற்று, D வரவு, E இருப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் வரிசையில் இதை எழுதிக் கீழே வரை இழுக்கலாம்:

```
=ROUND(E2+D3-C3-E3,2)
```

எல்லாம் பூஜ்ஜியமாக வர வேண்டும். இருப்பு 18,450. அடுத்த வரியில் 2,300 எடுத்திருக்கிறார்கள், ஸ்டேட்மென்ட் காட்டும் இருப்பு 16,150. இங்கே பூஜ்ஜியத்துக்குப் பதில் 4,600 வந்தால், அது 2,300-இன் சரியான இரட்டிப்பு என்பதைக் கவனியுங்கள். பற்றுத் தொகை வரவுக்குத் தாவிவிட்டது. #VALUE! என்று வந்தால் எண்ணோடு Cr என்ற எழுத்து ஒட்டியிருக்கும்.

ஸ்கேன் என்றால்தான் தராசு ஆடும். கணினியிலேயே ஓடும் டெசராக்ட் எழுத்தைப் படிக்கும். மங்கலான ஜெராக்ஸில் 8-ஐ 3 என்று படித்து 2,800-ஐ 2,300 ஆக்கிவிடும். பெரிய நிறுவனங்களின் கட்டணச் சேவைகள் அட்டவணையை இதைவிட நன்றாகப் பிரிக்கும். வங்கிக் கணக்கென்றால் டெசராக்ட் போதும் என்பது என் கட்சி; 500 வித்தியாசம் வந்த வரியைப் பார்த்துத் திருத்திவிடலாம். மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் இருப்பு என்று ஒன்று கிடையாது. தப்பான சர்க்கரை அளவை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. நூற்றுக்கணக்கில் அப்படி அறிக்கைகள் இருந்தால் கட்டணச் சேவையை எடுக்கலாம், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு. அமேசானின் டெக்ஸ்ட்ராக்ட், நாமாக விலகல் தெரிவிக்காவிட்டால் நம் ஆவணங்களைத் தன் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது.

அனுப்பத்தான் வேண்டுமென்றால் பெயர் இருக்கும் பகுதியை நீக்கிவிட்டு அனுப்பலாம் என்று பலர் நினைப்பார்கள். எழுத்து பி.டி.எஃப்பின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். காப்பி செய்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். பக்கத்தை வெட்டும் கிராப்பும் அப்படித்தான், மறைக்குமே தவிர அழிக்காது. பக்கத்தைப் படமாக மாற்றி, படத்தில் வெட்டினால்தான் போகும்.

கணினிக்குள்ளேயே முடித்தவர்களுக்கும் கொஞ்சம் துடைக்கும் வேலை பாக்கி. டபுலா ஏற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் தன் ஃபோல்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். முகப்புப் பட்டியலில் போய் நீக்க வேண்டும். பூட்டில்லாத பிரதி டெஸ்க்டாப்பில் கிடந்தால், ஒன்டிரைவ் அந்த ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டிருந்தால், வைஃபையைத் திரும்பப் போட்டவுடன் அது மேகத்துக்குப் போய்விடும். ஒன்டிரைவ் தொடாத ஃபோல்டரில் வேலையைச் செய்து, அழித்த பிறகு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட வேண்டும்.