படத்தில் தெரியும் பொங்கல்

தேக்காவில் வாங்கிய மைதாவில் ரொட்டிக்கு மாவு பிசைந்த தங்கை, அதைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணா, சுடலாமா?" என்று கேட்டாள். குளிர்நாட்டுச் சமையற்குறிப்பின்படி ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தாளாம். நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஈஸ்ட் அவ்வளவு நேரம் காத்திராது.

மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாததால் பக்கவாட்டுப் படம் கேட்டேன். மாவு இருமடங்கைத் தாண்டியிருந்தது. சரியாகப் பொங்கிய மாவின் மேற்பரப்பு பலூன்போல் இழுபட்டுக் குவிந்திருக்கும். அதனடியில் சிறு குமிழிகள் தெரியும். இவள் மாவிலோ பெரிய குமிழிகள் வெடித்து, நடுப்பகுதி அமுங்கியிருந்தது. காற்றைத் தாங்கும் பசை வலை தளர்ந்துவிட்டது. அப்படியே சுட்டால் ரொட்டி தட்டையாகிவிடும்.

"அமுக்கி, மறுபடி உருட்டி வை. அரை மணி நேரத்திற்குள் விரலால் அழுத்திப் பார், குழி மெதுவாகப் பாதி மேலெழுந்தால் சுடலாம்" என்றேன். அந்தச் சோதனையைப் படத்தால் செய்ய முடியாது.